பயோடேட்டாவை இரண்டு கன்சல்டன்சி அனுப்பினால் என்ன ஆகும்: சேதராப்பட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு நாள்

அக்கா மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. போன திங்கட்கிழமை சேர்ந்தான். ஆனால் மூன்று வாரம் முன்பே சேர்ந்திருக்க வேண்டியவன். தாமதத்துக்குக் காரணம் அவன் படிப்போ இன்டர்வியூவோ இல்லை. அந்தக் கோபம் தீர்வதற்குள் எழுதிவிடுகிறேன். கடலூர், பாண்டி பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டுக் கன்சல்டன்சி வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்கு உதவட்டும்.

அவன் டிப்ளமோ மெக்கானிக்கல், இரண்டு வருஷம் குவாலிட்டி லைனில் வேலை பார்த்தவன். பாண்டியில் ஒரு கன்சல்டன்சியில் பதிந்தான், அடுத்த வாரம் கடலூரிலேயே இன்னொன்றில் கொடுத்தான். "நாலு இடத்துல போட்டு வெச்சா ஒண்ணாவது மாட்டும் மாமா" என்றான். இரண்டாவது இடத்திலிருந்து போன் வந்தது. சேதராப்பட்டில் ஒரு பாகங்கள் தயாரிக்கும் கம்பெனி, காலை பத்து மணிக்கு இன்டர்வியூ என்றார்கள். கடலூரில் முதல் பஸ் பிடித்து, பாண்டி பஸ் ஸ்டாண்டில் மாறி, நேரத்துக்குப் போய்விட்டான். கேட்டில் பெயர் இருந்தது. உள்ளே எச்.ஆர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பயோடேட்டா ஏற்கெனவே வேற ஏஜென்சி மூலமா வந்திருக்கே, இப்ப உங்கள எடுக்க முடியாதுப்பா" என்று அனுப்பிவிட்டார். கேள்வி ஒன்றுகூட கேட்கவில்லை.

நான் கம்பெனிகளின் எச்.ஆர். பக்கம் பல வருஷம் இருந்தவன் என்பதால் அங்கே நடந்தது என்ன என்று உடனே புரிந்தது. வெளியில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டுமென்றால் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

ஆளைத் தேடிக் கொடுப்பதற்குக் கன்சல்டன்சிக்குக் காசு கொடுப்பது கம்பெனி. பரவலாக நடப்பில் இருக்கும் கணக்கு, வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம். அதாவது ஒரு மாதச் சம்பளம். இவனுக்குப் பேசியது மாதம் 22,000. வருஷத்துக்கு 2,64,000. அதில் 8.33 சதவீதம் ஏறக்குறைய 22,000. அதற்கு மேல் ஜிஎஸ்டி தனி. நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான் கன்சல்டன்சி பில் போட முடியும். பில் போட்டாலும் காசு கைக்கு வர மாதம் ஒன்று, ஒன்றரை ஆகும். சேராவிட்டால் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஆகவே யார் உங்களை முதலில் அந்தக் கம்பெனிக்குக் காட்டினார்கள் என்பதுதான் அந்த 22,000 யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு பயோடேட்டா மெயிலில் வந்தால், அந்தத் தேதியிலிருந்து பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு அந்த ஆள் அந்த ஏஜென்சியின் கணக்கில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். இரண்டு ஏஜென்சி ஒரே ஆளை அனுப்பினால், நாளைக்கு இருவரும் பில்லோடு வந்து நிற்பார்கள். அந்தத் தலைவலி வேண்டாம் என்று எச்.ஆர். ஆளையே ஒதுக்கிவிடுவார். வரிசையில் இன்னும் பத்துப் பேர் இருக்கும்போது அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. நஷ்டம் பையனுக்கு.

முதல் கன்சல்டன்சி இவனைக் கேட்காமலே அனுப்பியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. போனில் விசாரித்தபோது, "நல்ல ஆளு, அதான் நாலு கம்பெனிக்குப் போட்டு வெச்சோம்" என்றார்கள். எனக்குக் கடுப்பானது அந்த இடத்தில்தான். முதலில் அனுப்பி இடம் பிடித்துக்கொள்வது அவர்களுக்கு லாபம். இன்டர்வியூவுக்குத் தேதி வாங்கித் தரவும் இல்லை, பையனிடம் சொல்லவும் இல்லை.

சரிசெய்தது இப்படித்தான். பையனை அவன் மெயிலிலிருந்தே இரண்டு கன்சல்டன்சிக்கும் சேர்த்து எழுதச் சொன்னேன். கம்பெனி பெயர், வேலையின் பெயர், தேதி போட்டு, "இந்த வேலைக்கு இரண்டாவது ஏஜென்சிக்கு மட்டுமே நான் சம்மதம் தந்தேன். முதல் ஏஜென்சி என் சம்மதம் கேட்கவில்லை, தன் அனுப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்" என்று நான்கு வரி. முதல்காரர்கள் ஐந்து நாள் இழுத்தடித்தார்கள். மறுபடி போன் செய்தபின் ஒரு வரியில் விலகிக்கொள்வதாகப் பதில் போட்டார்கள். அந்தப் பதிலை எச்.ஆர்.க்கு அனுப்பிய பிறகுதான் மறுபடி தேதி கிடைத்தது. எல்லாக் கம்பெனியும் இப்படி இறங்கி வராது. இடம் காலியாக இருந்தது, அதனால் நடந்தது.

இனி அவன் செய்வதை எல்லோரும் செய்யலாம். பதியும்போதே "என்னிடம் கம்பெனி பெயரைச் சொல்லி, நான் சரி என்று எழுதிய பிறகுதான் அனுப்ப வேண்டும்" என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. விளம்பரத்தில் கம்பெனி பெயரை மறைப்பது தப்பில்லை, பெயர் தெரிந்தால் நேராகப் போய்விடுவீர்கள் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் பயோடேட்டா போவதற்கு முன் பெயர் வந்தாக வேண்டும். எந்தக் கம்பெனிக்கு, யார் மூலம், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஏஜென்சி அதே கம்பெனியைச் சொன்னால் "ஏற்கெனவே போயிருக்கு" என்று அங்கேயே நிறுத்திவிடலாம். பஸ் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

சம்பளப் பேச்சிலும் இந்தக் கணக்கு வேலை செய்யும். இவன் 23,500 கேட்கலாமா என்றான். கன்சல்டன்சி அம்மா "கேட்காதீங்க தம்பி, விட்டுடுவாங்க" என்று அவசரப்படுத்தினார். கூடுதல் 1,500 கிடைத்தால் அவர்களுக்கு வருவதும் ஏறக்குறைய 1,500தான். பேரம் முறிந்தால் போவது 22,000. அவர் சொல்வதை எச்சரிக்கை என்று கேளுங்கள், கம்பெனியின் முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்.ஆர். சம்பளம் பேசும்போது இவனே நேராகக் கேட்டான், 23,000 ஆனது.

சேர்ந்த பிறகு முதல் 90 நாள் முக்கியம். இடையில் ஆள் நின்றுவிட்டால் வேறு ஆளை இலவசமாகத் தர வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். சில இடத்தில் அது 60 நாள். சொன்ன ஷிப்ட் வேறு, தந்த ஷிப்ட் வேறு என்றால் அந்தக் காலத்துக்குள் கன்சல்டன்சியிடம் சொல்லுங்கள், உங்களுக்காக எச்.ஆர்.இடம் பேசுவார்கள். அது தாண்டினால் போனை எடுப்பார்களா என்பதே சந்தேகம்.

ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் தலைப்பில் யார் பெயர் என்று பாருங்கள். கம்பெனி பெயருக்குப் பதில் ஏஜென்சி பெயர் இருந்தால் நீங்கள் அவர்களுடைய காண்ட்ராக்ட் ஆள். அங்கே கணக்கே வேறு. உங்கள் சம்பளத்தோடு ஒரு சர்வீஸ் சார்ஜையும் சேர்த்துக் கம்பெனியிடம் மாதாமாதம் வாங்குவார்கள். நீங்கள் எத்தனை நாள் காண்ட்ராக்ட்டில் இருக்கிறீர்களோ அத்தனை நாள் அவர்களுக்கு வருமானம். அதனால் நிரந்தரமாக்குவது பற்றி அவர்கள் வாயிலிருந்து தானாக வராது, நீங்கள்தான் கம்பெனியிடம் கேட்க வேண்டும். பி.எஃப். கட்டுவது கம்பெனியா ஏஜென்சியா என்று முதல் சம்பளத்துக்குப் பிறகு பாஸ்புக்கில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கடலூர்க்காரர்கள் பதியும்போது 500 கேட்டார்கள், கொடுத்துவிட்டான். அதோடு போயிற்று. ஆனால் ஆஃபர் வந்தபின் "டெபாசிட்", "ட்ரெயினிங் பீஸ்", "யூனிபார்ம்" என்று ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டாலும் அதேதான். சரிபார்க்க வேண்டுமானால் உங்கள் எதிரிலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.