மடித்த தாளின் மறுபாதி: குழந்தைகள் வார்டில் டோஸ் கணக்கை மாற்றியமைத்த அனுபவம்

எங்கள் குழந்தைகள் வார்டில் ஊசி மருந்துக்கான கணக்குத் தாள் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒரே பக்கத்தில் அருகருகே இரண்டு கட்டங்கள். இடப்புறம் மருந்து தயாரிக்கும் சிஸ்டர் கணக்குப் போடுவார். வலப்புறம் சரிபார்க்கும் சிஸ்டர் போடுவார். பழைய தாள்களைக் கட்டாக எடுத்து நானும் பொறுப்புச் செவிலியரும் ஒருநாள் புரட்டினோம். வலப்புறக் கட்டங்களில் பெரும்பாலும் விடை மட்டுமே இருந்தது, போட்ட வழி இல்லை. இடப்புறம் 2.5 மி.லி. என்றால் வலப்புறமும் 2.5 மி.லி., கீழே ஒரு கையெழுத்து. சோம்பலால் யாரும் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் எழுதிய விடை கண்ணெதிரே இருக்கும்போது, அது ஏன் சரி என்பதற்கான காரணத்தைத்தான் மனம் தேடுகிறது. தப்பைத் தேடுவதில்லை.

அதனால் நாங்கள் செய்த முதல் மாற்றம் மிக எளியது. இரண்டு கட்டங்களையும் மேலும் கீழுமாக அமைத்து, நடுவில் மடிப்புக்கோடு ஒன்று போட்டோம். முதல் சிஸ்டர் மேல்பாதியை முடித்ததும் அதைப் பின்பக்கமாக மடித்துவிட வேண்டும். இரண்டாவது சிஸ்டரிடம் கீழ்பாதி மட்டுமே போகும். அவர் கேஸ் ஷீட்டில் மருத்துவரின் உத்தரவைத் தானே படித்து, எடைப் பதிவேட்டிலிருந்து எடையைத் தானே எடுத்து, குப்பியைக் கையில் வாங்கி அதன் லேபிளைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். “126 மி.கி. வருகிறது, சரியா பாருங்கள் அக்கா” என்று வாயால் சொல்வதும் கூடாது. இந்தப் பழக்கத்தை விடுவதுதான் எல்லாருக்கும் கடினமாக இருந்தது. சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்றே சில மூத்த சிஸ்டர்கள் முதலில் நினைத்தார்கள்.

தாள் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நேர்வை வைத்தே சொல்கிறேன். பதினொரு மாதக் குழந்தை, எடை 8.4 கிலோ. உத்தரவு: அமிகாசின், கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு ஒருமுறை, நரம்பு வழியாக. எங்கள் வார்டுக்கு வழக்கமாக வருவது 2 மி.லி.யில் 100 மி.கி. கொண்ட குப்பி. அன்று அந்த இருப்பு தீர்ந்துபோனதால், மருந்தகத்திலிருந்து 2 மி.லி.யில் 500 மி.கி. கொண்ட குப்பி வந்திருந்தது. இரண்டிலும் உள்ள திரவத்தின் அளவு ஒன்றேதான். மருந்தின் செறிவோ ஐந்து மடங்கு வேறு.

முதல் சிஸ்டர் 126 மி.கி. என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் நாள்தோறும் கையாண்ட குப்பியின் செறிவு கைப்பழக்கமாக வந்துவிட்டது. 126-ஐ 50-ஆல் வகுத்து 2.5 மி.லி. என்று எழுதித் தாளை மடித்தார். இரண்டாவது சிஸ்டர் லேபிளைப் பார்த்து எழுதிய கீழ்பாதி இது:

```
8.4 × 15  = 126 மி.கி.
500 ÷ 2   = 250 மி.கி./மி.லி.
126 ÷ 250 = 0.504 → 0.5 மி.லி.
```

மடிப்பைப் பிரித்தார்கள். மேலே 2.5, கீழே 0.5. பழைய தாளாக இருந்திருந்தால் இரண்டாவது விடை எழுதப்படுவதற்கு முன்பே முதல் விடை அவர் மனத்தில் பதிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

விடைகள் மாறுபட்டால் என்ன செய்வது என்பதையும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறோம். “நீங்கள் இங்கே தப்புவிட்டீர்கள்” என்று ஒருவர் மற்றவருக்குச் சுட்டிக்காட்டுவதில்லை. இருவரும் புதுத் தாளில் முதலிலிருந்து தனித்தனியாகப் போடுகிறார்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் டூட்டி டாக்டர் வரும்வரை மருந்து ஏறாது. அன்று இரண்டாம் முறை போடும்போது முதல் சிஸ்டரே குப்பியைத் திருப்பிப் பார்த்து நிறுத்திவிட்டார்.

கீழ்பாதியின் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியதும் நான்தான். ‘தலைகீழ்க் கணக்கு’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். மருந்தை உறிஞ்சி முடித்த பிறகு, சிரிஞ்சில் இருக்கும் அளவிலிருந்து தொடங்கி உத்தரவை நோக்கித் திரும்பி வர வேண்டும். 0.5 மி.லி. என்றால் 0.5 × 250 = 125 மி.கி.; 125 ÷ 8.4 = கிலோவுக்கு 14.9 மி.கி. உத்தரவு 15, ஆகவே சரி. அந்தச் செறிவில் 2.5 மி.லி. எடுத்திருந்தால் 625 மி.கி. வந்திருக்கும், கிலோவுக்கு 74 மி.கி.க்கும் மேல். சிறுநீரகத்தையும் செவித்திறனையும் பாதிக்கக்கூடிய மருந்தில் அந்த எண் தாளில் வந்தால் யார் கையும் நின்றுவிடும். மி.லி. கணக்கில் 2.5 என்பது சாதாரண எண்ணாகத் தெரிகிறது. கிலோவுக்கு இத்தனை மி.கி. என்று மாற்றிய பிறகுதான் அதன் அபாயம் தெரிகிறது.

0.5 மி.லி.யை 5 மி.லி. சிரிஞ்சில் எடுத்தால் கோடுகளுக்கிடையே கண் தடுமாறும் என்பதால், 1 மி.லி.க்கும் குறைவான எதையும் 1 மி.லி. சிரிஞ்சில்தான் எடுக்கிறோம். எழுதும்போது ‘.5’ என்று விடாமல் ‘0.5’ என்றே எழுத வேண்டும். புள்ளி மங்கினால் அது 5 ஆகிவிடும். அதே காரணத்துக்காக ‘5.0’ என்றும் எழுதுவதில்லை. பிறகு அந்த மருந்தை நார்மல் சலைனில் 30 மி.லி. ஆக்கி, கைக்குழந்தை என்பதால் ஒரு மணி நேரத்தில் ஏறும்படி பம்ப்பில் மணிக்கு 30 மி.லி. வைத்தோம். பம்ப்பில் ஓடும் எண்ணையும் இரண்டாவது சிஸ்டர் படுக்கையருகே வந்து பார்த்த பிறகே கையெழுத்திடுவார்.

இந்த முறையால் பிடிக்க முடியாத தப்பு ஒன்று உண்டு: எடையே தவறாக இருப்பது. இரவில் அவசரமாக வந்த ஒரு குழந்தைக்கு, தாய் சொன்ன 12 கிலோ கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. இரு சிஸ்டர்களும் தனித்தனியாகத்தான் கணக்குப் போட்டார்கள். இருவருக்கும் ஒரே விடை. காலையில் தராசில் வைத்தால் 10.2 கிலோ. இருவரும் ஒரே ஊற்றிலிருந்து எண்ணை எடுத்தால், சரிபார்ப்பு எவ்வளவு தனித்து நடந்தாலும் பயனில்லை. அதற்குப் பிறகுதான் எடைக்கு மேல் ‘அளந்தது, கேட்டது, உத்தேசம்’ என மூன்று வட்டங்களும், அளந்த தேதியும் நேரமும் வந்தன. உயிர் காக்கும் அவசரம் தவிர, ‘அளந்தது’ என்பதில் குறி இல்லாமல் கணக்கைத் தொடங்குவதில்லை. டயாப்பரை அவிழ்த்துவிட்டு எடை பார்க்கிறோம். கையில் ஸ்பிளின்ட் கட்டியிருந்தால் அதேபோன்ற இன்னொன்றைத் தனியே நிறுத்துக் கழிக்கிறோம். சின்னக் குழந்தையில் அந்த எடையும் கணக்குக்கு வரும்.

ஆரம்பத்தில் எல்லா மருந்துக்கும் இந்தத் தாளையே வைத்தோம், பாராசிட்டமால் சிரப் உட்பட. அது நடக்கவில்லை. இரவு டூட்டியில் இரண்டே சிஸ்டர்கள் இருக்கும்போது ஒவ்வொரு டோஸுக்கும் ஒருவர் மற்றவரைத் தேடி வர வேண்டியிருந்தது. தாள்கள் மறுபடியும் வெறும் கையெழுத்துகளாகத் தேயத் தொடங்கின; சில இடங்களில் மடிப்பே விழவில்லை. பிறகு மருத்துவர்களோடும் மருந்தகத்தோடும் உட்கார்ந்து பட்டியலைச் சுருக்கினோம். அமிகாசின், ஜென்டாமைசின், வான்கோமைசின், ஃபெனிடாயின், பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெபாரின், மார்ஃபின் வகை மருந்துகள் ஆகியவற்றுக்கு மட்டும் மடிப்புத் தாள். மற்றவற்றுக்கு ஒரே சிஸ்டர், சுவரில் ஒட்டிய எடைவாரி அட்டவணையோடு தலைகீழ்க் கணக்கையும் போட்டுப் பார்க்கிறார். இந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு. பத்து மருந்துக்கு உண்மையாகச் செய்யும் சரிபார்ப்பு, நூறு மருந்துக்குப் பெயரளவில் செய்வதைவிடக் குழந்தையைக் காக்கும்.

இப்போது மருந்தகத்தோடும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. வழக்கமான செறிவு இல்லாமல் வேறு குப்பி வந்தால், அதன் தட்டில் சிவப்புச் சீட்டு வைத்து, அதை வாங்கும் சிஸ்டரிடம் வாயாலும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். டூட்டி மாறும்போது அந்தச் சீட்டும் கைமாறுகிறது. கடைசிக் குப்பி தீரும்வரை மருந்து டிராலியிலேயே ஒட்டியிருக்கும்.