யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை வைத்து வேலை தேடிய கதை

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். எங்கள் லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று உறுதியானதும் லிங்க்ட்இன்னில் வேலை தேடத் தொடங்கினேன். கையில் இருந்தது மூன்று மாதம். அதில் இரண்டு மாதம் நோட்டீஸ் பீரியடுக்கே போய்விடும். கண்ணில் பட்டவருக்கெல்லாம் செய்தி அனுப்ப நேரமில்லை. யாருக்கு அனுப்புவது, என்றைக்கு அனுப்புவது என்பதை என் புரொஃபைலை யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

பட்டியலைத் திறந்தால் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. காரணம் என் பக்கத்தில்தான் இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு, யார் புரொஃபைலைப் பார்த்தாலும் என் பெயர் தெரியக்கூடாது என்று அமைப்பை மாற்றி வைத்திருந்தேன். பணம் கட்டாத கணக்கில், நாம் மறைந்திருந்து பார்த்தால் நம்மைப் பார்த்தவர்களையும் நமக்குக் காட்ட மாட்டார்கள். Settings பகுதியில் Visibility என்பதற்குள் Profile viewing options என்று இருக்கும். அதில் Private mode-ஐ எடுத்துவிட்டு, பெயரும் தலைப்பு வரியும் தெரியும்படி மாற்றினேன். பழைய பார்வைகள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து வந்தவர்கள் மட்டும் சேரத் தொடங்கினார்கள்.

அடுத்த சிக்கல், இலவசக் கணக்கில் கடைசியாகப் பார்த்த ஐந்து பேர் வரைதான் தெரியும். ஆறாவது ஆள் வந்தால் பழைய ஒருவர் பட்டியலை விட்டுப் போய்விடுவார். அதனால் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஒருமுறை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். இடது பக்கம் அன்றைக்கு நான் செய்தவை: எந்த வேலைக்கு விண்ணப்பித்தேன், எந்தப் பதிவுக்குக் கருத்து போட்டேன், யாருடைய புரொஃபைலைத் திறந்தேன். வலது பக்கம் வந்தவர்கள். எனக்கு உண்மையில் உதவியது இந்த இடது பக்கம்தான். ஒருவர் வந்து பார்த்தார் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எதற்குப் பின்னால் வந்தார் என்று பார்த்தால்தான் அர்த்தம் பிடிபடும்.

இரண்டு வாரத்தில் வந்தவர்களை ஓரளவு தரம் பிரிக்க முடிந்தது. பாதிப் பேர் என்னைப் போலவே குவாலிட்டி வேலையில் இருப்பவர்கள், இல்லாவிட்டால் சான்றிதழ் பயிற்சி விற்பவர்கள். அவர்களுக்கு நான் எழுதவில்லை. கன்சல்டன்சி ரெக்ரூட்டர்கள் சிலர் வந்தார்கள். அவர்களுக்கு அன்றே எழுதினேன், ஏனென்றால் அவர்கள் கையில் இருக்கும் தேவை ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். எட்டு, பத்து நாள் பழைய பார்வைக்கு எழுதிய இரண்டு முறையும் "ஆள் எடுத்தாச்சு" என்றே பதில் வந்தது. ஒரு கம்பெனியின் சொந்த ஹெச்.ஆர். ஆளோ, குவாலிட்டி தலைமையில் இருப்பவரோ வந்தால் அவசரப்படாமல் முதலில் அந்தக் கம்பெனியின் வேலைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்.

ஆரம்பத்தில் எழுதிய செய்திகள் தவறாகப் போயின. "என் புரொஃபைலைப் பார்த்ததைக் கவனித்தேன், ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அவர் ஒரே நாளில் நாற்பது பேரைப் பார்த்திருப்பார், என்னை நினைவிருக்காது. நினைவிருந்தாலும், பார்த்ததற்குக் கணக்குக் கேட்பது போல இருக்கும். அதற்குப் பிறகு பார்வையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். பட்டியல் எனக்கு நேரம் சொன்னால் போதும், அவருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

எனக்குக் கிடைத்த வேலையின் கதை இப்படித்தான் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பட்டியலில் பெயரில்லாத ஒரு வரி: ஹெச்.ஆர். துறையில் இருப்பவர், இன்ன கம்பெனி. பெயரைப் பாதி மறைத்துப் பார்ப்பவர்கள் இப்படித்தான் தெரிவார்கள். அந்தக் கம்பெனியில் யாராக இருக்கும் என்று ஊகித்து எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. தவறான ஆளிடம் போய் நிற்போம். வேலைப் பக்கத்தைப் பார்த்தேன். சப்ளையர் குவாலிட்டி எஞ்சினியர் வேண்டும், அலுமினிய டை காஸ்டிங் அனுபவம் அவசியம் என்று இருந்தது. நான் தினமும் செய்கிற வேலை. புதன் காலையிலேயே விண்ணப்பித்தேன். யாருக்கும் செய்தி அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பட்டியலைத் திறந்தால், அதே கம்பெனியின் ஆலையில் குவாலிட்டி தலைவராக இருப்பவர் முழுப் பெயரோடு வந்திருந்தார். நான் அவர் பக்கத்துக்குப் போனதே இல்லை, பொதுவான நண்பர்களும் இல்லை. அப்படியென்றால் ஹெச்.ஆர். என் விண்ணப்பத்தை அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். எழுத வேண்டிய ஆளும் நாளும் இதுதான் என்று முடிவு செய்தேன். அன்று பதினோரு மணிக்கு டீ இடைவேளையில் தொடர்பு அழைப்போடு குறிப்பு அனுப்பினேன். இலவசக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்துதான் இடம். மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் அனுப்பவும் முடியும். அதனால்தான் முன்பே வீணாக்காமல் வைத்திருந்தேன். எழுதியது இவ்வளவுதான்: சப்ளையர் குவாலிட்டி பணிக்குப் புதன்கிழமை விண்ணப்பித்திருக்கிறேன், ஆறு டை காஸ்டிங் சப்ளையர்களைப் பார்த்துக்கொள்கிறேன், போரோசிட்டியால் வந்த லீக் டெஸ்ட் ரிஜெக்‌ஷனைக் குறைத்த வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

மதியமே அழைப்பை ஏற்றுக்கொண்டார். "எந்த பார்ட், எத்தனை கேவிட்டி அச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதில் போட்டேன். திங்கட்கிழமை ஹெச்.ஆர். போன் செய்தார்.

நடுவில் ஒரு தவறும் நடந்தது. எங்கள் கஸ்டமர் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் என் புரொஃபைலைப் பார்த்திருந்தார். ஏதோ வாய்ப்பு என்று நினைத்து எழுதிவிட்டேன். அவர் வரப்போகிற ஆடிட்டுக்காக எங்கள் ஆட்களின் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை தேடுகிறேன் என்ற சேதி இரண்டே நாளில் என் மேலாளரிடம் வந்துவிட்டது. அவர் நல்லவர், எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பார்த்தவருக்கும் நமக்கும் பொதுவான தொடர்புகள் யார் என்று புரொஃபைலிலேயே காட்டுகிறது. அதில் நம் கம்பெனி ஆட்கள் நிறைந்திருந்தால் எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். வேலை தேடுகிறேன் என்ற அடையாளத்தை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதிக்கும் இது பொருந்தும். நம் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து அதை மறைக்க லிங்க்ட்இன் முயற்சி செய்யும், ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை.

நேர்முகத் தேர்வில் அதே குவாலிட்டி தலைவர் லீக் டெஸ்ட் ரிஜெக்‌ஷன் வரைபடத்தைப் பலகையில் வரையச் சொன்னார். முக்கால் மணி நேரம் அதைப் பற்றியேதான் பேச்சு. அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது நானும் புரொஃபைல்களைத் திறந்து பார்க்கிறேன், முழுப் பெயர் தெரியும்படிதான். போன வாரம் ஒரு பெண் மறுநாள் காலையே எழுதியிருந்தார், வந்த விஷயத்தை மட்டும் மூன்று வரியில். நாளைக்கு அவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறோம்.