பத்து நொடிகள் நின்ற முள்

"பன்னிரண்டாவது நிமிடத்தில் முள் பத்து நொடி அசையாமல் நிற்கிறதே, அது உண்மைதானா?"

ஓர் அழுத்தமானியின் முள்ளைப் படமெடுத்த வீடியோ சேதமாகிவிட, அதைச் சரிசெய்து தரச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தவர் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னது: "இல்லை மேடம், அங்கே படத்தை நிறுத்தியது நான்தான். மின்னஞ்சலில் எழுதியிருந்தேனே." சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "படத்தில் எழுதவில்லையே" என்றார். அதற்குள் நொடிக்கு ஒரு வரியாக அழுத்த அளவுகளை அட்டவணையில் ஏற்றிவிட்டிருந்தார். பத்து வரிகளிலும் 4.2.

நான் எழுதியிருந்தது பொய்யில்லை. கடிதத்தின் கடைசி வரியில், நன்றிக்கு மேலே, "12:00 முதல் 12:10 வரை கடைசி நல்ல ஃப்ரேம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்று இருக்கிறது. எடுத்துப் பார்த்துக்கொண்டேன். ஒன்றுக்கு மூன்று முறை.

கோப்பு வந்தபோது அந்தப் பத்து நொடியும் பச்சையாகத்தான் இருந்தது. மேலே ஒரு பட்டை சரியாக இருக்கும், அதற்குக் கீழே முழுக்கப் பச்சைக் கட்டங்கள். இன்னொரு பிளேயரில் திறந்தால் பச்சையே இல்லை, படம் உறைந்து நின்று 12:10இல் குதித்துத் தொடரும். இரண்டும் ஒரே சேதம்தான். ஒன்று கிடைத்ததைக் காட்டுகிறது, மற்றொன்று சந்தேகமானதைக் காட்ட மறுத்துப் பழைய படத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சை வருவதற்கும் காரணம் எளியது. வீடியோவில் நிறத்தைக் குறிக்கும் இரண்டு எண்களுக்கும் 128 என்றால்தான் நிறமில்லை என்று பொருள். எதுவும் எழுதப்படாத நினைவகத்தில் எல்லாம் பூஜ்யம். பூஜ்யம் என்ற நிறத்தைத் திரைக்கு மாற்றினால் சிவப்பும் நீலமும் அற்றுப்போய்ப் பச்சை மட்டும் மிஞ்சும்.

எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க வழக்கமான கட்டளை:

```
ffmpeg -v error -i test.mp4 -f null -
```

பிழைச் செய்திகளெல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. ஹெக்ஸ் எடிட்டரில் அந்த இடத்துக்குப் போனால் 65,536 பைட் நீளத்துக்கு வெறும் பூஜ்யங்கள். 64 கிலோபைட், துல்லியமாக. இவ்வளவு வட்டமான எண்ணில் இழப்பு இருந்தால் கேமராவையோ மென்பொருளையோ சந்தேகிக்க மாட்டேன். சேமிப்பிலோ நகலெடுப்பிலோ ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. வேறு நகல் இருக்கிறதா என்று கேட்டேன். மூல அட்டையை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள். அது எப்போதும் அப்படித்தான்.

அந்தப் பூஜ்யங்கள் விழுந்த இடம்தான் மோசம். கீஃப்ரேம் எனப்படும் முழுப் படத்தின் நடுவில். இந்தப் பதிவில் 250 ஃப்ரேமுக்கு ஒன்றுதான் முழுப் படம். நொடிக்கு 25 என்றால் பத்து நொடிக்கு ஒன்று. இடையில் உள்ள 249 ஃப்ரேம்களும் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. ஆக, அழிந்தது ஒன்று, பச்சையானது இருநூற்றைம்பது. மீதி 249இலும் ஒரு பைட்கூடக் கெடவில்லை. அவை நிற்க வேண்டிய தரைதான் இல்லை.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அந்தப் பகுதியைக் கடைசி நல்ல ஃப்ரேமால் மூடினேன். ஏன்? "பார்க்கும்படி இருந்தால் போதும்" என்று முதல் கடிதத்தில் அவர்தான் எழுதியிருந்தார். திருமண வீடியோவாக இருந்திருந்தால் இதைவிட நல்ல வேலை கிடையாது: ஒலி ஓடும், படம் சற்று நிற்கும், யாருக்கும் உறுத்தாது. ஆனால் இது ஒரு அழுத்தமானி. அதில் நிற்கும் முள்ளுக்கு ஒரு பொருள் உண்டு. பச்சைக்கு அந்த ஆபத்து இல்லை. அதைப் பார்த்து யாரும் 4.2 என்று எழுதமாட்டார்கள்.

அழைப்புக்குப் பிறகு பழைய கோப்பைத் திறந்து அந்தப் பகுதியை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். முதல் தடவை இப்படிச் செய்யவில்லை. பச்சையைக் கண்டதும் மூடுவதிலேயே குறியாக இருந்துவிட்டேன். மூன்றாவது நொடி வாக்கில் பச்சைக்குள் ஒரு சாய்ந்த கோடு தெரிய ஆரம்பித்தது. நிறம் சரியில்லை, விளிம்பில் அழுக்கு, ஆனால் முள்தான். அசையாத சுவருக்கும் மேசைக்கும் "முன்பிருந்ததே" என்ற குறிப்பு மட்டும் வருவதால் அவை பச்சையாகவே தொடர்ந்தன. அசையும் முள்ளுக்கு மட்டும் புதுத் தகவல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு வேண்டியிருந்த ஒரே பொருள் அந்தப் பச்சைக்குள்தான் உயிரோடு இருந்திருக்கிறது. அதை ஒரு அழகான புகைப்படத்தால் மூடியிருந்தேன்.

அன்றிரவே வேறு வழியில் செய்தேன். கேமரா முக்காலியில் நிலையாக நின்றதால், தொலைந்த கீஃப்ரேமும் அதற்கு முந்தைய ஃப்ரேமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். இடைவெளி நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எனவே 12:00க்கு முந்தைய நல்ல ஃப்ரேமைப் படமாக எடுத்து, அதையே புதுக் கீஃப்ரேமாக என்கோட் செய்து, உடைந்ததன் இடத்தில் வைப்பது. முதலில் வீடியோவை mp4 என்ற கொள்கலனிலிருந்து பிரிக்க வேண்டும்:

```
ffmpeg -i test.mp4 -an -c copy -bsf:v h264_mp4toannexb test.h264
```

புதுக் கீஃப்ரேம் பழைய அமைப்புகளிலேயே என்கோட் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பின்வரும் ஃப்ரேம்கள் அதன்மேல் உட்காராமல் குழம்பிவிடும். நல்லவேளை, இந்தப் பதிவை என்கோட் செய்த x264 என்ற மென்பொருள் தன் அமைப்புகளை வீடியோவின் தொடக்கத்திலேயே படிக்கக்கூடிய எழுத்துகளாக விட்டுச்செல்லும். `keyint=250` என்பது உட்பட எல்லாம் அங்கே இருந்தது. நான்காவது முயற்சியில் பச்சை போய்விட்டது. சுவர், மேசை, அழுத்தமானி எல்லாம் தெளிவு. முள் 4.2இலிருந்து மெதுவாக ஏறி 4.6இல் வந்து நின்றது.

சரிபார்க்க ஒரே இடம்தான் உண்டு: 12:10இல் வரும் அடுத்த உண்மையான கீஃப்ரேம். என் அடித்தளம் தவறாக இருந்தால் அங்கே முள் குதிக்க வேண்டும். வெளிச்சம் மட்டும் இம்மி மாறியது. முள் குதிக்கவில்லை. எனக்கு அது போதுமான சான்றாகப்பட்டது, இப்போதும் படுகிறது.

இந்த முறை விளக்கத்தைக் கடிதத்தின் முதல் வரியில் வைத்தேன், படத்தின் மூலையிலும் எழுதினேன். அவர் மறுபடி அழைத்தார்.

"இது உண்மையா?"

"அசைவு உண்மை. அசைவு தொடங்கும் படம் என்னுடையது."

"எவ்வளவு என்னுடையது?"

அவர் கேட்டது என்னைக் குறித்துத்தான். எவ்வளவு உங்களுடையது என்று கேட்க வந்து வாய் தவறியது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. ஒரு ஃப்ரேம் என்றேன். இருநூற்றைம்பதில் ஒன்று. சொல்லும்போதே, மற்ற 249உம் அதன்மேல்தான் நிற்கின்றன என்பது நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது. முள் நகர்ந்த அளவு கோப்பில் உள்ள தகவல், என் கற்பனை அல்ல. அதை இன்னும் உறுதியாகப் பேசியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார். முந்தைய தடவை அரைகுறையாகச் சொன்னதற்கு ஈடுகட்ட இந்தத் தடவை தேவைக்கு மேல் சொல்லிவிட்டேனா, தெரியவில்லை.

"சரி, அந்தப் பத்து வரிகளையும் காலியாக விட்டுவிடுகிறேன்" என்றார். கட்டணத்தை முழுதாக அனுப்பினார். முதல் கோப்பை அழித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.