இரண்டு மணிக்குச் சிவந்த இடம்

அந்தக் கவிதை ஒரு டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. நீல மை. ஓரத்தில் ஜென்ஷன் வயலட் ஒரு சொட்டு பட்டு ஊறியிருக்கிறது. 1997ஆம் ஆண்டு மாசி மாதத்தில், இரவுப் பணியைப் பகல் பணிக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது, எங்கள் ஸ்டாஃப் அக்கா அதை நான்காக மடித்து என் ஏப்ரன் பையில் செருகினார். "விடுதிக்குப் போய்ப் படி கண்ணு, இங்கே வேண்டாம்" என்றார். இன்று அது லீட்ஸில் என் வீட்டில், பாஸ்போர்ட் வைக்கும் உறைக்குள் இருக்கிறது.

நாங்கள் செவிலியம் படித்த இடத்தின் மலருக்கு எழுதச் சொன்னபோது விடுதியையும், வெள்ளிக்கிழமைச் சந்தையையும், எங்கள் ஆசிரியைகளையும் பற்றித்தான் முதலில் நினைத்தேன். அவற்றை எனக்கு முன்னால் படித்தவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். நான் இந்த ஒரு தாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த மாதம் எனக்கு ஆண்கள் வார்டில் இரவுப் பணி. முப்பதுக்கு மேல் நோயாளிகள். ஸ்டாஃப் ஒருவர், மாணவி ஒருத்தி. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேகவைக்கும் பருவம் என்பதால் ஜன்னலைத் திறந்தால் அந்த மண்வாசனை கலந்த புகை வார்டுக்குள் வரும். பெருந்துறைக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் தலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவரை ஒரு லாரி ஓட்டுநர் தூக்கிவந்து சேர்த்திருந்தார். நினைவில்லை. சட்டைப்பையில் ஒரு பீடிக்கட்டு தவிர ஒன்றும் இல்லை. நோயாளிப் பதிவில் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு. அடுத்து 'ஆண், சுமார் 45 வயது'.

அவருடைய மூன்றாவது இரவைப் பற்றியது இந்தக் கவிதை.

பத்து மணி.
பெயர் எழுதும் இடத்தில் கோடு.
இடப்பக்கம் சாய்த்தேன். யார் பெற்ற பிள்ளையோ.

பன்னிரண்டு.
மல்லாத்தினேன். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே
என் உள்ளங்கை போய்வர இடம் இருந்தது.

இரண்டு.
வலப்பக்கம். என் விரல்கள் மரத்துவிட்டன.
இடுப்புக்குக் கீழே, எலும்பின் மேல், காசளவு சிவப்பு.
ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தேன்,
தாய் தலைக்கு எண்ணெய் வைப்பது போல.

நான்கு.
இடப்பக்கம். விரிப்பில் ஒரு சுருக்கம். நீவிவிட்டேன்.
அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆறு.
வலப்பக்கம். வெளியே பால்காரரின் மணி.
ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டேன்.
உதடு பஞ்சைப் பற்றிக்கொண்டது.

நம் தொழிலில் இல்லாதவர்கள் இதைப் படித்தால் கடைசி வரியில் நின்றுவிடுவார்கள். நம்மில் ஒருத்தி படித்தால் மணிகளைப் பார்ப்பாள். நினைவின்றிக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பதுதான் கவிதையின் எலும்புக்கூடு. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் நசுங்கும் சதைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. நினைவுள்ளவர் உறுத்தலைத் தாங்காமல் தாமே புரண்டுகொள்வார். நினைவில்லாதவருக்கு அந்த உறுத்தலை நாம்தான் கடிகாரத்தைப் பார்த்து உணர வேண்டும். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. அடிக்கடி திருப்பிப் படுக்கவைத்தவர்களுக்குப் புண் குறைவு என்பதை அது காட்டியது. எங்களுக்கு அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அக்காவின் வாயிலிருந்து "மணி ஆச்சு அம்மிணி" என்பது மட்டும்தான் வரும்.

விரல்கள் மரத்ததற்குக் காரணம் டிரா ஷீட். நோயாளியின் இடுப்புக்கடியில் குறுக்காக விரித்திருக்கும் அந்தத் துணியை இரண்டு பக்கமும் உடம்போடு ஒட்டச் சுருட்டி, ஆளுக்கொரு பக்கம் இறுகப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் மேல்தோல் துணியோடு நின்றுவிட, உள்ளே எலும்பு நகர்ந்துவிடும். நடுவில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் முறுக்கிக் கிழியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். எதிர்ப்பக்கம் நின்று சுருட்டிப் பிடித்தவள் நான். எண்ணிக்கை சொல்வதற்கு முன் அக்கா ஒவ்வொரு முறையும் அந்த மனிதரின் காதருகே குனிந்து, "அண்ணா, திருப்புகிறோம்" என்பார். பதில் வராது. இரண்டு மணி நேரம் கழித்தும் அதையே சொல்வார்.

குதிகால் வரியும் வெறும் அழகுக்காக எழுதியதல்ல. அந்தக் காலத்தில் கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டுக் குதிகாலுக்கடியில் வைப்போம். பார்க்க மெத்தென்று இருக்கும். ஆனால் குதிகால் அதன் மேல் உட்கார்ந்துதானே இருக்கிறது, அழுத்தம் போய்விடுவதில்லை. அக்கா கையுறை வைக்க மாட்டார். ஒரு தலையணையைக் கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டுவிடுவார். அந்த இடைவெளியில் உள்ளங்கையை நுழைத்து எடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. தண்ணீர்க் கையுறை வேண்டாம் என்று பிற்காலத்து வழிகாட்டு நெறிகள் எழுதின. அக்காவின் கை அதற்கு முன்பே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது.

அந்த மூன்றாம் இரவில்தான், காலை ஐந்து மணிக்கு உடம்பு துடைக்கும்போது, அந்த மனிதரின் நகக்கண்களில் மஞ்சள் நிறம் அடைந்து கிடப்பதை அக்கா பார்த்தார். பீடிக் கறை என்று நான் நினைத்தேன். அக்கா ஒரு பஞ்சில் துடைத்து என் மூக்கருகே நீட்டினார். பச்சை மஞ்சள் வாசனை. காலையில் வந்த காவலரிடம், இவர் மஞ்சள் வேகவைக்கும் களத்தில் வேலை செய்தவராக இருக்கலாம், அங்கே விசாரித்துப் பாருங்கள் என்றார். இரண்டு நாளில் தருமபுரிப் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்துவிட்டார். கோடு போட்ட இடத்தில் பெயர் எழுதினோம். இதை அக்கா கவிதையில் சேர்க்கவில்லை. அதற்குள் தாள் என் பைக்கு வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இரண்டு மணியைப் பற்றி.

2003இல் இங்கிலாந்து வந்து, பதிவு கிடைப்பதற்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சியில் இருந்தேன். ஒரு பாட்டியின் இடுப்பெலும்பின் மேல் சிவந்திருந்தது. ஊரில் கற்ற பழக்கத்தில் உள்ளங்கையை வைத்து வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினேன். என்னைக் கவனித்துக்கொண்டிருந்த மூத்த செவிலியர் என் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நிறுத்தினார். பிறகு தன் ஒரு விரலால் சிவந்த இடத்தைச் சில விநாடிகள் அழுத்தி எடுத்தார். இடம் வெளுக்கவில்லை. சிவப்பு அப்படியே நின்றது. "இனி முதுகில் கிடத்த வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

அழுத்தி எடுத்ததும் வெளுத்துப் பிறகு சிவந்தால், ரத்தம் இன்னும் வந்துபோகிறது. பக்கம் மாற்றினால் சற்று நேரத்தில் சரியாகிவிடும். வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே காயம் தொடங்கிவிட்டது. அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. தோல் இன்னும் கிழியவில்லை என்பதுதான் ஆறுதல். அந்த இடத்தைத் தேய்த்தால் ஏற்கெனவே நொந்துபோன குழாய்களை மேலும் கிழிக்கிறோம். ஸ்பிரிட்டோ தோலின் எண்ணெயை எடுத்து உலர்த்தி வெடிக்க வைக்கும். முதுகுப் பராமரிப்பு என்று எங்கள் தலைமுறையே ஸ்பிரிட்டும் பவுடரும் கொண்டு எவ்வளவு அன்போடு தேய்த்தோம்!

அன்றிரவு தாளை எடுத்துப் படித்தேன். அப்படியானால் அந்த மஞ்சள் களத்து மனிதருக்கு ஏன் புண் வரவில்லை? பிறகு சிவப்பு மறைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடை கவிதையிலேயே இருந்தது. பத்துக்கு இடம், பன்னிரண்டுக்கு மல்லாந்து, இரண்டுக்கு வலம். வழக்கப்படி நான்கு மணிக்கு மறுபடி மல்லாத்த வேண்டும். அக்கா மல்லாத்தவில்லை. இடப்பக்கம் சாய்த்திருக்கிறார். ஆறுக்கு மறுபடி வலம். சிவப்பைக் கண்ட பிறகு விடியும்வரை அவரை முதுகில் கிடத்தவே இல்லை. ஸ்பிரிட் தேய்த்த வரிக்கு அக்கா உவமை எழுதினார். அவரைக் காப்பாற்றிய செயலுக்கு 'இடப்பக்கம்' என்ற ஒரு சொல்தான். ஆறு ஆண்டாக நானும் அந்தச் சொல்லைத் தாண்டித்தான் படித்திருக்கிறேன்.

தேய்த்தது தவறு என்பதை அக்காவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஓய்வுபெற்றுக் கோபிக்குப் போய்விட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுவோம். போன பொங்கலன்று, இந்த மலருக்குக் கவிதையை அனுப்பட்டுமா என்று கேட்டபோது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அச்சில் வந்தால் யாராவது ஒரு சின்னப் பெண் அதைப் படித்துவிட்டு ஸ்பிரிட் பாட்டிலைத் தேடக் கூடாதே.

முழுதும் கேட்டார். முதலில் கேட்ட கேள்வி, "அன்றைக்கு அவருக்கு வலித்திருக்குமா கண்ணு?" என்பதுதான். நினைவில்லாமல் இருந்தாரே அக்கா என்றேன். "அதனால்தான் கேட்கிறேன்" என்றார்.

பிறகு வேலைப் பேச்சுக்கு வந்துவிட்டார். நம் ஊர்க்காரர்கள் கறுப்பாக இருப்பார்களே, அழுத்தினால் வெளுப்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. கறுத்த தோலில் சிவப்பு சில சமயம் தெரியாது; அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாகவோ மினுமினுப்பாகவோ இருக்கலாம். அங்கே கண்ணை நம்பக் கூடாது. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்: பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, பிறகு விரல் நுனியால், கல்லுப் போல இறுகியிருக்கிறதா அல்லது ஊறின மாவு போலத் தொளதொளப்பாக இருக்கிறதா. இதைச் சொன்னதும், "அப்படியானால் தேய்க்கிற கைக்கு வேலை இல்லை, தொடுகிற கைக்குத்தான்" என்றார்.

மறுநாள் அவரே அழைத்தார். பேனாவை எடுக்கச் சொன்னார். பழையதை அடிக்க வேண்டாம், முதலில் அதைப் போடு, பிறகு இதைப் போடு என்று சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கு மட்டும் புதிய வரிகளைச் சொன்னார்:

இரண்டு.
வலப்பக்கம். என் விரல்கள் மரத்துவிட்டன.
மரத்த விரலை நம்பாமல் புறங்கையை வைத்தேன்.
எலும்பின் மேல் காசளவு இடம் சுட்டது.
அண்ணா, இனி விடியும்வரை
உங்களை முதுகில் கிடத்த மாட்டேன்.