அண்ணாந்து பார்த்த கோபுரம்

அந்தக் கும்பாபிஷேகப் பேனர் அச்சாகி, கட்டி, கழற்றியும் ஆகிவிட்டது. கோயில் தலைவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்ற யோசனை மட்டும் இன்னும் விடவில்லை.

வேலை சாதாரணமானதுதான். பேனருக்கான கோயில் கோபுரப் படத்தில் மங்கிய வானத்தை எடுத்துவிட்டு நீல வானம் வைக்க வேண்டும். பின்னால் தெரிந்த மின்கம்பிகளும் லாரியும் போக வேண்டும். நான் முதலில் படத்தில் சாய்ந்து தெரிந்த கட்டடத்தை நிமிர்த்தினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்கு முன்னால நின்னா அண்ணாந்துதானே தம்பி பாக்குறோம்? மேல போகப் போக சிறுத்தாத்தானே உயரம் தெரியும்?" என்றார்.

"வானத்தை மாத்தணும்னா முதல்ல நிமிர்த்தித்தான் ஆகணும் ஐயா" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. படம் வாசலுக்கு அருகிலிருந்து, கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தது. அப்படிச் சாய்த்தால் தூண்களும் சுவர் ஓரங்களும் மேலே ஒன்றையொன்று நெருங்கிவிடும். நிமிர்த்துவது என்றால் படத்தின் மேற்பகுதியை அகலமாக இழுப்பது. வானத்தை முன்பே வைத்துவிட்டால் மேகமும் சேர்ந்து இழுபடும். சூரியன் இருந்தால் முட்டை வடிவமாகிவிடும். வானத்தைப் பிரிக்கக் கலசங்களைச் சுற்றிக் கவனமாக எடுத்த மாஸ்க்கின் ஓரமும் அந்த இழுப்பில் மழுங்கும். பழைய வானத்தின் வெளிறிய கோடு ஒன்று பொம்மைகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும். பேனர் அளவில் அது நன்றாகவே தெரியும். அதனால் லென்ஸின் வளைவைச் சரிசெய்வது முதலில், நிமிர்த்துவது அடுத்து, வானம் கடைசியில். இந்த வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிமிர்த்தும்போது கோபுரம் நம்மை ஏமாற்றும். அது இயல்பாகவே மேலே குறுகிக் கட்டப்பட்டது. படத்தை நிமிர்த்தும் Upright பகுதியில் Auto கொடுத்தால் மென்பொருள் அந்தச் சரிவையே சாய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். கோபுர ஓரங்களை நேராக்கினால் கோபுரம் பெட்டியாகிவிடும். அதனால் எது செங்குத்து என்று நாமே கோடு போட்டுக் காட்டும் Guided எடுத்து, இடப்பக்கக் கோடு ஒன்றை வாசல் நிலைக்காலிலும், வலப்பக்கக் கோட்டை மண்டபத்தின் கடைசித் தூணிலும் போட்டேன். இரண்டு கோடுகளும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. பிறகு ஒரு சோதனை: நடுக்கலசத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு வாசலின் நடுவில் விழ வேண்டும், இரு பக்கச் சரிவும் சமமாக இருக்க வேண்டும். எங்கள் ஊரான தெலுக் இந்தானில் இது பழகிய சங்கதி. 1885-ல் கட்டிய மணிக்கூண்டு உண்மையிலேயே சாய்ந்து நிற்கிறது; அதைப் படமெடுத்தால் பக்கத்துக் கடைகளின் தூண்களில்தான் கோடு போட வேண்டும். கூண்டில் போட்டால் ஊரே சாய்ந்துவிடும்.

முழுசாக நிமிர்த்தியதும் தூண்கள் நேராக நின்றன. ஆனால் மேல்நிலைப் பொம்மைகளின் தலை பெருத்து, கலசங்கள் நீண்டன. Aspect கொண்டு உயரத்தைக் கொஞ்சம் குறைத்தும் கோபுரம் மேலே கனத்துத் தெரிந்தது. படத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் வெற்று முக்கோணங்கள் வந்தன. தலைவர் பார்த்தது இந்தப் படத்தைத்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று அப்போதே மனதில் பட்டது. மிக அருகிலிருந்து எடுத்த படத்தை நூற்றுக்கு நூறு நிமிர்த்தினால் கண்ணுக்கு அது தலைகனத்தே தெரியும்.

ஆனாலும் அவர் கேட்டபடி அப்படியே விட எனக்கு மனமில்லை. கம்பிகளும் லாரியும் தெரிந்த பின்னணிக்குப் பதிலாக நான் எடுத்து வைத்திருந்தது கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்த படம். அதில் செம்பனைகள் செங்குத்தாக நின்றன. அதற்கு முன்னால் உள்நோக்கிச் சாய்ந்த தூண்களை வைத்தால் இரண்டு கேமராக்கள் ஒரே படத்தில் சண்டை போடும். பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் கோயில் ஒட்டவைத்தது போலத் தெரியும்.

கடைசியில் Vertical அளவைக் கொஞ்சம் திரும்ப நகர்த்தி, தூண்களில் சிறு சாய்வை விட்டுவைத்தேன். பின்னணிப் படத்தைக் கைவிட்டேன். கோயிலுக்குப் பின்னால் ஏற்கெனவே இருந்த மரங்கள் அதே கேமராவில், அதே சாய்வோடு வந்தவை. அவற்றையே வைத்துக்கொண்டு கம்பிகளையும் லாரியையும் மட்டும் எடுத்தேன். வானத்துக்கும் தொடுவானம் தெரியாத, மேல்நோக்கி எடுத்த மேகங்களைத் தேடி வைத்தேன். தலைவர் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

அப்படியென்றால் நான் அவரிடம் சொன்னது பாதிதான் சரியா? வானத்துக்கு முன்னால் நிமிர்த்த வேண்டும் என்பது சரி. முழுசாக நிமிர்த்தித்தான் ஆக வேண்டும் என்பது நான் தேர்ந்தெடுத்த பின்னணிக்கு மட்டும் பொருந்திய விதி. வேறு பின்னணி எடுத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. ஆனால் அடுத்த வாரம் தமிழ்ப்பள்ளிக் கட்டடப் படம் ஒன்று வந்தபோது, யாரையும் கேட்காமல் முழுசாகவே நிமிர்த்தினேன். தள்ளி நின்று எடுத்த படம், நேர்ச்சுவர்கள், பெட்டி மாதிரிக் கட்டடம். அதற்கு அதுதான் பொருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைமையாசிரியர் அண்ணாந்து பார்ப்பதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.