#0800: காணாமல் போன வாழை இலைப் பச்சை

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் இணையத்தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தளத்தை நடத்தும் நிறுவனம் நிறம் மாற்றும் பக்கத்தைப் புதுப்பித்தது. அதன்பின் கடைக்கார அங்கள் கூப்பிட்டார்: "தம்பி, மெனுவுல எழுத்தே இல்ல. வெறும் வெள்ளை!"

உதவி மையத்தைக் கேட்டால், "கேஷை அழித்துப் பாருங்கள்" என்ற ஒரே பதில். அதை நம்பி பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறிப் போய் கடைக் கணினியில் அழித்தும் பார்த்தாயிற்று. பயனில்லை.

பிறகு பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸைத் திறந்தேன். `color: #0800` என்று இருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. அங்கள் கேட்ட பச்சை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0, 128, 0. ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில், சரியாக எழுதினால் `#008000`. ஹெக்ஸிலிருந்து எண்ணுக்குப் போவதில் சிக்கலே இல்லை: இரண்டிரண்டாக வெட்டினால் 80 என்பது 8×16 = 128. திரும்பி வரும்போதுதான் வம்பு. ஜாவாஸ்கிரிப்டில் 0-ஐ `toString(16)` செய்தால் "00" வராது, "0" மட்டும் வரும். 16-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இதே கதிதான். மூன்றையும் ஒட்டினால் "0", "80", "0", அதாவது நான்கே இலக்கம்.

கொடுமை என்னவென்றால், நான்கு இலக்கமும் சிஎஸ்எஸ்ஸில் செல்லும். ஒவ்வோர் இலக்கமும் இரட்டிப்பாகி `#00880000` ஆகும். கடைசி 00 ஒளிபுகா அளவு. பூஜ்யம் என்றால் முழுக்கக் கண்ணாடி. எழுத்து அங்கேயேதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. `#c81e5a` போன்ற நிறங்களில் மூன்று எண்ணுமே 16-க்கு மேல் என்பதால் அவர்கள் சோதித்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

எழுதி அனுப்பினேன். "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வந்தது. பார்த்தால் பச்சை கறுப்பாகிவிட்டது, தலைப்பின் மஞ்சள் (255, 204, 0) நீலப்பச்சையாகிவிட்டது! ஒட்டிய சரத்தின் முன்னால் ஆறு இலக்கம் வரும்வரை பூஜ்யம் நிரப்பியிருக்கிறார்கள். "0800" இப்போது `#000800`, "ffcc0" இப்போது `#0ffcc0`. இரண்டாவதைப் பிரித்துப் பாருங்கள்: 15, 252, 192. ஒட்டுவதற்கு முன்னால், ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்:

```
const h = n => n.toString(16).padStart(2, "0");
const hex = "#" + h(r) + h(g) + h(b);
```

இந்த முறை வரிகளையே எழுதி அனுப்பினேன். பச்சை திரும்பிவிட்டது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் 0, 15, 16, 255 என்ற எண்களைக் கலந்து கொடுத்து, வரும் ஹெக்ஸை மறுபடி எண்ணாக மாற்றிப் பாருங்கள். கொடுத்ததே திரும்பி வராவிட்டால் கேஷைத் தொட வேண்டாம், ஃபெர்ரியும் ஏற வேண்டாம்.