'ஆறாதே' எந்தப் படத்துக்கு?

ஆறிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு குறளுக்கு ஒரு நிமிடப் படம் செய்துகொண்டிருந்தோம். என் வேலை ஸ்டோரிபோர்டு. அதாவது, எந்தச் சொல்லுக்கு எந்தப் படம், அது எத்தனை விநாடி நிற்கும் என்று முதலில் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது. வேலை கொடுத்தவர்கள் ஓர் அச்சு சொல்லியிருந்தார்கள்: முதல் அடிக்கு ஒரு உவமை, இரண்டாம் அடிக்கு இன்னொரு உவமை, முடிவில் இரண்டும் சேர்ந்த ஒரு காட்சி. முதல் சில குறள்கள் இந்த அச்சில் அழகாக உட்கார்ந்தன. 129-ஆம் குறளில்தான் மாட்டிக்கொண்டேன்.

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

நமக்கெல்லாம் மனப்பாடமான குறள். அதனாலேயே அதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. தீக்கு ஒரு படம், நாக்குக்கு ஒரு படம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உட்கார்ந்தேன்.

தீப்புண்ணை அப்படியே காட்டக் கூடாது, சின்னக் குழந்தைகள் பயந்துவிடும் என்பது மட்டும் முதலிலேயே முடிவாகியிருந்தது. கசக்கிய காகிதம் மறுபடி நேராகாது என்ற உவமையை ஒருவர் சொன்னார். அது எல்லா வகுப்பறையிலும் பார்த்துச் சலித்தது என்பது ஒரு பக்கம். அதோடு, அதில் ஆறக்கூடியது எதுவுமே இல்லை. இந்தக் குறளுக்கு ஆறுவது ஒன்று, ஆறாதது ஒன்று என இரண்டும் வேண்டும்.

எனக்குத் தோன்றியது களிமண். ஈரமாக இருக்கும்போது விரலால் அழுத்தினால் குழி விழும், தடவினால் போய்விடும். சூளையில் சுட்ட பிறகு அந்தக் குழி போகவே போகாது. குறளில் 'சுட்ட' என்று இரண்டு முறை வருகிறது, பானையும் சுட்டதுதான். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினான்கு கட்டங்களையும் ஒரே மூச்சில் வரைந்து முடித்தேன்.

எங்களுக்குப் பொருள் சரிபார்த்துக் கொடுத்த தமிழாசிரியை அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல தீ நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நான் முழித்தேன். குறளில் தீ சுட்டது ஆறிவிடுகிறது. என் படத்தில் ஆறவே விடாமல் செய்வதே தீதான். வார்த்தை ஒத்துப்போன குஷியில் பொருளைத் தலைகீழாக வரைந்து வைத்திருக்கிறேன். பதினான்கு கட்டங்களும் குப்பைக்குப் போயின.

அப்புறம் வந்ததுதான் புல்லும் மரமும். ஒரே வெளி, ஒரே சட்டகம். கீழே புல்வெளி, நடுவில் ஓர் இளம் மரம். தீ புல்லை மட்டும் கருக்கிவிட்டுப் போகிறது. மழை பெய்கிறது, பச்சை துளிர்க்கிறது. புல் வளரும் இடம் நுனியில் இல்லை, தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. அதனால் மேல் இலை கருகினாலும் மறுபடி முளைக்கும். ஆகவே இது உவமைக்காகச் சொன்ன பொய் இல்லை. அடுத்து, ஒரு சொல் பறந்து வந்து மரத்தின் பட்டையில் படுகிறது, தழும்பாகிறது. மரம் வளர்கிறது, தழும்பு அப்படியே நிற்கிறது.

தீயையும் நாக்கையும் இணைக்க நான் பாடுபட வேண்டியிருக்கவில்லை. தீநாக்கு என்று தமிழே சொல்லிவைத்திருக்கிறது. புல்லைக் கருக்கிய தீக்கொழுந்தின் வடிவத்தையே நிறம் மாற்றி ஒரு சிறுவனின் வாய்க்குள் நாக்காக வைத்தோம். ஒரே வரைபடம், இரண்டு வேலை.

படத்தின் முதல் கரட்டு வடிவம் தயாரானதும் ஆறேழு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினோம். இதற்கு நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். முதலில் ஒலி இல்லாமல் ஓட்டி "என்ன நடந்தது?" என்று கேட்போம். பிறகு ஒலியோடு ஓட்டி அதே கேள்வியைக் கேட்போம். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் படமும் சொல்லும் ஒரே திசையில் இழுக்கின்றன என்று அர்த்தம். ஒலி இல்லாதபோது, புல் திரும்ப முளைத்தது, மரத்தில் காயம் இருக்கிறது என்று சரியாகவே சொன்னார்கள். ஒலியோடு பார்த்த பிறகு ஒரு சிறுமி, "புல் முளைக்காது" என்றாள். முளைத்ததைப் பார்த்தாயே என்றால், "ஆனா ஆறாதேன்னு சொன்னாங்களே" என்கிறாள்.

எங்கள் எடிட்டர்தான் முதலில் பிடித்தார். "அண்ணா, ஆறாதே மேல் வரியில இருக்கு. ஆனா கீழ் வரிக்குச் சொந்தம்."

புத்தகத்தில் அது முதல் அடியின் கடைசிச் சீர். பொருளிலோ 'நாவினாற் சுட்ட வடு ஆறாது' என்று இரண்டாம் அடியோடு ஒட்டிக்கொள்கிறது. குறள் ஏழு சீர், மேலே நான்கு, கீழே மூன்று. யாப்புக்காக அடி அங்கே முடிகிறது, வாக்கியம் அங்கே முடியவில்லை. பள்ளியில் நாம் அனைவரும் 'உள்ளாறும் ஆறாதே' என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு நிறுத்தியவர்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் நமக்கு அது உறுத்துவதில்லை. முதல் தடவை கேட்கும் குழந்தைக்கு, துளிர்க்கிற புல்லின் மேல் 'ஆறாதே' என்ற சொல் வந்து விழுகிறது.

இன்னொன்றும் இருந்தது. போகாதே, ஓடாதே, தொடாதே என்று நாள் முழுக்கக் கேட்கிற காதுக்கு 'ஆறாதே' ஒரு கட்டளை. யாரோ காயத்தைப் பார்த்து "ஆறாதே!" என்று அதட்டுகிற மாதிரி. 'ஆறாது' என்பதோடு சேர்ந்த ஏகாரம் அது, உறுதிப்படுத்த வருவது என்று ஆறு வயதுக்கு இலக்கணம் நடத்த முடியாது. படம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

காலக்கோட்டைத் திறந்து பார்த்தோம். விநாடிக்கு 25 பிரேம். குரல் 'ஆறாதே' என்று தொடங்குவது 110-ஆவது பிரேமில். அடி முடிந்து, நான் புல்லிலிருந்து மரத்துக்கு மாறியது 140-இல். இடையில் இருக்கும் 30 பிரேம், அதாவது ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம், முழுக்கத் தப்பான படத்தின் மேல் ஓடியிருக்கிறது. வெட்டை 107-க்குக் கொண்டுவந்தோம். சொல்லைவிடப் படம் இரண்டு மூன்று பிரேம் முன்னால் வந்தால்தான் கண்ணுக்குச் சேர்ந்தாற்போல் இருக்கும்.

அது மட்டும் போதவில்லை. குரல் இன்னும் பழைய இடத்தில்தான் மூச்சு வாங்கியது. குரல் கொடுத்தவரை மறுபடி அழைத்து, 'உள்ளாறும்' என்பதற்குப் பிறகு நிறுத்தி, 'ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்று தொடரச் சொன்னோம். அவருக்கு அது நாக்கில் வரவேயில்லை. முப்பது வருடப் பழக்கம், 'ஆறாதே'யில் தானாக நின்றுவிடுகிறார். ஏழாவது முறை சரியாக வந்தது. யாப்பின் ஓசை கெடுகிறதே என்று ஆசிரியை வருத்தப்பட்டார், அதுவும் நியாயம்தான். எனவே இரண்டு முறை சொல்ல வைத்தோம். முதலில் பொருள் பிரித்து, படங்களோடு. கடைசியில் ஒருமுறை ஓசை பிசகாமல், இரண்டு படங்களும் சேர்ந்திருக்கும் காட்சியின் மேல். திரையில் எழுத்து மட்டும் புத்தகத்தில் உள்ளபடி நான்கும் மூன்றுமாகவே இருக்கிறது. ஆனால் முதல் மூன்று சீர் பச்சை, 'ஆறாதே'யிலிருந்து பட்டை நிறம். ஓர் அடிக்கு ஒரு படம் என்ற அச்சு இந்தக் குறளில் உடைந்தது. வேலை கொடுத்தவர்களுக்கு அதை விளக்க ஒரு கூட்டம் ஆனது.

'உள்' என்ற சின்னச் சொல்லையும் நான் முதலில் விட்டுவிட்டேன். பரிமேலழகர் உரைப்படி, தீப்புண் உடம்பில் கிடந்தாலும் மனத்துக்குள் ஆறிவிடும். ஆறிப்போவதால் அது 'புண்', ஆறாமல் கிடப்பதால் மற்றது 'வடு' என்று குறள் பெயரை மாற்றிச் சொல்வதையும் அவர் கவனிக்கிறார். புல் வெளியே முளைப்பது, குறளில் ஆறுவதோ உள்ளே. இந்த உவமை அதைச் சுமக்காது. அடியில் கொஞ்சம் கருகிய தழையை விட்டுவைத்து, அதற்கு நடுவே பச்சை வருவதுபோல் மாற்றினேன். அதற்கு மேல் இந்தப் படத்தால் முடியவில்லை.

மரம் வளரும் காட்சியில் வேறொரு கூத்து. அனிமேட்டர் தண்டு முழுவதையும் அடியைப் பிடித்து ஒரே லேயராகப் பெரிதாக்கியிருந்தார். தழும்பும் கூடவே மேலே ஏறிவிட்டது. மரம் உயர்வது நுனியில்தான். பட்டையில் விழுந்த தழும்பு விழுந்த உயரத்திலேயே நிற்கும், தண்டு பருக்கப் பருக்க அகலும். தழும்பைத் தனி லேயராக்கி, உயரத்தைப் பூட்டி, அகலத்தை மட்டும் கூட்டினோம். பார்க்க முன்னைவிட வலித்தது.

முதலில் பறந்து வருகிற சொல்லை நிஜ எழுத்தாக வைத்திருந்தேன். எழுத்து செதுக்கியதுபோல் இருந்ததால், பார்த்த குழந்தைகள் "மரத்துல பேர் எழுதக் கூடாது" என்று பாடம் எடுத்துக்கொண்டார்கள். நல்ல பாடம்தான், ஆனால் இந்தக் குறளின் பாடம் அது இல்லை. எழுத்தை எடுத்துவிட்டு, முள் முள்ளாக ஒரு கிறுக்கலை வைத்தோம். எந்தத் திட்டை எழுதினாலும் அதையும் கற்றுக்கொள்வார்கள் என்ற பயமும் இருந்தது.

கடைசித் திரையிடலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒலி இருந்தும் இல்லாமலும் ஒரே பதில். கிளம்பும்போது ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், அப்படிச் சொன்ன அந்த அண்ணன் எங்க போனான்?"

சிறுவனை வாய் திறக்க வைத்து, அடுத்த ஷாட்டில் மறந்தே போயிருந்தோம். படம் முழுக்க மரத்தின் பக்கம். இந்தக் குறள் இருப்பதோ அடக்கமுடைமை அதிகாரத்தில், 'யாகாவா ராயினும் நாகாக்க'வுக்கு இரண்டு குறள் தள்ளி. அது பேசுவது சுடப்பட்டவனிடம் அல்ல, சுட்டவனிடம். ஆசிரியையிடம் சொன்னேன். "அதைத்தான் நான் முதல் நாள்ல இருந்து சொல்லணும்னு நினைச்சேன், எப்படின்னு தெரியலை" என்றார்.

முடிவுக் காட்சியில் மூன்று விநாடி சேர்த்தோம். அந்தச் சிறுவன் வளர்ந்து பெரியவனாகி, வெயிலுக்கு அதே மரத்தடியில் வந்து நிற்கிறான். அன்று அவன் கண்ணுக்கு நேராக இருந்த தழும்பு இப்போது அவன் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, அகலமாக. குனிந்து பார்க்கிறான். அந்த மூன்று விநாடிக்கு ஒலி வைக்கவில்லை.